ஓசோன் துளை வேறு, பசுமை இல்ல விளைவு வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து, அது வழியாக வெப்பம் உள்ளே வருவதால்தான் பூமி சூடாகிறது என்று படித்திருக்கிறேன். சரிதானே?

இல்லை. ஓசோன் துளை, உள்ளே வரும் புற ஊதாக் கதிர் பற்றிய பிரச்சினை. பூமி சூடாவது, வெளியே போகும் அகச்சிவப்புக் கதிர் பற்றிய பிரச்சினை. கதிர் வேறு, அது போகும் திசை வேறு, அதைத் தடுக்கும் வாயு வேறு.

இப்படிப் பாருங்கள். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அவ்வளவு சூடான பொருளிலிருந்து வரும் ஆற்றலில் பெரும்பகுதி குறைந்த அலைநீளம் கொண்டது: கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதை ஒட்டிய அகச்சிவப்பு, கொஞ்சம் புற ஊதா. பூமியின் மேற்பரப்போ சராசரியாக 15 டிகிரிதான். அதுவும் இரவு பகலாகக் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது நீண்ட அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஓசோன் படலம் முதல் வகையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு துண்டை வடிகட்டுகிறது. கரியமில வாயு, நீராவி, மீத்தேன் போன்றவை இரண்டாம் வகையைப் பிடித்து நிறுத்துகின்றன. குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் "சூரிய வெப்பம்" என்ற ஒரே சொல்லில் அடக்குவதால் வருகிறது.

ஆனாலும், படலம் மெலிந்தால் கூடுதலாக வெயில் வரத்தானே செய்யும்? அது சூடாக்காதா?

கூடுதலாக வருவது உண்மை. எவ்வளவு என்று கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிவிடும்.

வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் சூரிய ஆற்றலில் 320 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட பகுதி சுமார் 2 சதவீதம். ஓசோனின் வடிகட்டும் வேலை பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். மீதி 98 சதவீதத்துக்கும் ஓசோன் படலம் இருக்கிறதா இல்லையா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு வழியில் பார்க்கலாம். வானிலை அறிக்கையில் வரும் புற ஊதாக் குறியீட்டில் ஒரு எண் என்பது சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். தோலைச் சிவக்க வைக்கும் திறனுக்கு ஏற்ப எடையிட்டுக் கணக்கிட்ட அளவு இது. குறியீடு 12 என்றால் "மிகக் கடுமை" என்று எச்சரிப்பார்கள். ஆற்றலாகப் பார்த்தால் அது 0.3 வாட். அதே உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு விழும் மொத்த ஆற்றல் சுமார் 1,000 வாட். தோலையும் கண்ணையும் கெடுக்கப் போதுமான ஆயுதம், ஆனால் தரையைச் சூடாக்க அதனால் முடியாது.

துளை திறக்கும் இடமும் காலமும் இந்தக் கணக்கை இன்னும் சுருக்கிவிடுகின்றன. அது அன்டார்க்டிக்காவின் மேல், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இருப்பது. தொடக்க வாரங்களில் அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். கீழே இருப்பதோ வெண்பனி. விழுந்த ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

கணக்கில் கழித்தலும் உண்டு. ஓசோனே ஒரு பசுமை இல்ல வாயு. 9.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பூமியின் அகச்சிவப்பை அது பிடித்துக்கொள்ளும். ஓசோன் குறைந்தால் அந்தப் பிடியும் குறையும். வரவு செலவு இரண்டையும் சேர்த்து, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2013 அறிக்கையில் கொடுத்த மதிப்பீடு: ஓசோன் படலம் இருக்கும் மேல்காற்றுப் பகுதியான அடுக்கு மண்டலத்தில் ஓசோன் குறைந்ததன் விளைவு சதுர மீட்டருக்கு −0.05 வாட். முன்னால் இருப்பது கழித்தல் குறி. பிழை எல்லை −0.15 முதல் +0.05 வரை. ஆக, ஓசோன் குறைந்ததால் பூமி சூடாவதற்குப் பதில் மிக லேசாகக் குளிர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனோடு கரியமில வாயுவை ஒப்பிட எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது:

```
ΔF = 5.35 × ln(C / C0)
   = 5.35 × ln(420 / 280)
   ≈ 2.17 W/m²
```

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு 420-ஐத் தொட்டதால் சதுர மீட்டருக்குச் சுமார் 2.2 வாட் கூடுதலாக உள்ளே தங்குகிறது. ஒன்று 2.2, இன்னொன்று பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே.

வெயில் முன்னைவிடச் சுள்ளென்று சுடுகிறதே, அது ஓசோன் குறைந்ததால் இல்லையா?

புற ஊதாக் கதிரை உணரும் புலன் நமக்குக் கிடையாது. தோலில் "சுள்" என்று படுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும். பனி மூடிய உயரமான மலையில் குளிரில் நடுங்கிக்கொண்டே தோல் கருகிப்போவது இதனால்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாவின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும், வெப்பநிலையோ ஆறேழு டிகிரி இறங்கும். வெப்பமானி காட்டும் எண்ணும் புற ஊதாக் குறியீடும் தனித்தனி. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

அப்படியென்றால் பசுமை இல்ல விளைவு என்பது உண்மையில் என்ன? கண்ணாடிக் கூரை போல வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதா?

பெயர் கொஞ்சம் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்கிறது. கண்ணாடிப் பசுமை இல்லம் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து தப்பிக்க முடியாமல் கண்ணாடி மறிப்பது. வளிமண்டலத்தில் அப்படி மறிப்பது எதுவும் இல்லை. பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

நடப்பது இது. பூமி சூரியனிடமிருந்து உறிஞ்சும் ஆற்றல் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 240 வாட். அதே 240 வாட் விண்வெளிக்குத் திரும்பினால்தான் வரவும் செலவும் சமமாகும். ஒரு பொருள் 240 வாட் வீசுவதற்கு −18 டிகிரி செல்சியஸ் போதும். ஆனால் தரையின் சராசரி 15 டிகிரி. இடையில் இருக்கும் 33 டிகிரிதான் இயற்கையான பசுமை இல்ல விளைவு. அது இல்லாவிட்டால் கடல்கள் உறைந்திருக்கும். மனிதர்கள் உண்டாக்கியது இந்த விளைவை அல்ல. அதன் மேல் ஏற்றிவைத்த கூடுதல் பங்கைத்தான்.

அந்த 33 டிகிரி எங்கிருந்து வருகிறது என்றால், விண்வெளிக்குப் போகும் கதிர் நேராகத் தரையிலிருந்து கிளம்புவதில்லை. தரை வீசிய அகச்சிவப்பை நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சும், மறுபடி வீசும், மேலே உள்ள அடுக்கு உறிஞ்சும், மறுபடி வீசும். கடைசியில் காற்று போதிய அளவு மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் கதிர் தப்பிக்கிறது. சராசரியாக அந்த உயரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். அங்கேதான் வெப்பநிலை −18. அங்கிருந்து கீழே இறங்க இறங்கக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் சூடு ஏறி, தரையில் 15 வருகிறது.

கரியமில வாயு கூடினால் கதிர் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே போகும். மேலே போனால் அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகவே வீசும். 240 வாட் உள்ளே வந்து 238 மட்டும் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் கடலிலும் தரையிலும் சேரும். மேலே இருக்கும் அந்த உயரம் மறுபடி −18-ஐ எட்டும்வரை கீழே உள்ள எல்லாமே சூடேறும். "கரியமில வாயுவின் உறிஞ்சும் பட்டை ஏற்கெனவே நிரம்பிவிட்டது, இனி கூட்டினாலும் ஒன்றுமில்லை" என்ற வாதம் தோற்பது இந்த இடத்தில்தான். தரையருகே பட்டை நிரம்பியிருப்பது உண்மை. தப்பிக்கும் உயரத்தில் அது நிரம்பவில்லை.

இந்த விளக்கத்தில் ஓசோன் துளை எங்குமே வரவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

கரியமில வாயு ஓசோனை அரிக்கிறது என்கிறார்களே?

அரிப்பதில்லை. கரியமில வாயுவில் ஓசோனைத் தாக்கும் குளோரினோ புரோமினோ கிடையாது. வாகனப் புகை ஓசோன் படலத்தைக் கிழிக்கிறது என்று எழுதப்பட்ட வாசகம் எங்கே கண்டாலும் தயங்காமல் அடித்துவிடலாம்.

மறைமுகத் தொடர்பு ஒன்று உண்டு. கரியமில வாயு கூடும்போது கீழ்க்காற்று சூடாகும், அடுக்கு மண்டலம் குளிரும். அந்தக் குளிர்ச்சி ஓசோனுக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது. மேல் அடுக்கு மண்டலத்தில் ஓசோனை அழிக்கும் வினைகள் குளிரில் மெதுவாகின்றன, அதனால் ஓசோன் சற்றுக் கூடுகிறது. துருவத்தின் கீழ் அடுக்கு மண்டலத்திலோ குளிர் கூடினால் ஓசோனை அழிக்கும் வினைகளுக்கு இடம் தரும் துருவ மேகங்கள் அதிகம் உருவாகலாம்.

நைட்ரஸ் ஆக்சைடு தனி வழக்கு. தழைச்சத்து உரமிட்ட மண்ணிலிருந்து பெருமளவு வெளியேறும் இந்த வாயு பூமியையும் சூடாக்கும், அடுக்கு மண்டலம் போய்ச் சேர்ந்து ஓசோனையும் அழிக்கும். ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இல்லை.

துளை என்றால் நிஜமாகவே வானத்தில் பொத்தலா? ஃபிரிட்ஜில் பயன்பட்ட குளோரின் கலந்த சி.எஃப்.சி. வாயுக்களை உலகம் முழுவதும் பயன்படுத்த, அன்டார்க்டிக்காவில் மட்டும் ஏன்?

பொத்தல் இல்லை, மெலிவு. தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக்கிடக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பூஜ்ய டிகிரியில் அடுக்கினால் தடிமன் மூன்று மில்லிமீட்டர்தான் வரும். அந்த மூன்று மில்லிமீட்டரை 300 டாப்சன் அலகு என்று சொல்கிறோம். 220 அலகுக்குக் கீழே இறங்கிய பரப்பே "துளை". அன்டார்க்டிக்காவின் ஹேலி ஆய்வு நிலையத்தில் 1950-களில் அக்டோபர் மாதச் சராசரி 300 அலகை ஒட்டி இருந்தது; 1984-ல் அது ஏறக்குறைய 200-க்கு வந்துவிட்டது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-ல் இதை வெளியிட்டார்கள். 2000 செப்டம்பரில் துளையின் பரப்பு மூன்று கோடி சதுர கிலோமீட்டரை நெருங்கியது.

ஏன் அங்கே என்பதுதான் இந்தத் துறையின் சுவையான பகுதி. சி.எஃப்.சி.யிலிருந்து பிரிந்த குளோரின் உலகெங்கும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு சேர்மங்களில் பூட்டப்பட்டிருக்கும். பூட்டியிருக்கும்வரை ஓசோனுக்கு ஆபத்தில்லை. பூட்டைத் திறக்க மூன்று நிபந்தனைகள் ஒன்றாகச் சேர வேண்டும்.

முதலாவது, தனிமை. அன்டார்க்டிக்காவின் நீண்ட குளிர்கால இரவில் துருவத்தைச் சுற்றி ஒரு பெருங்காற்றுச் சுழல் உருவாகி, உள்ளே இருக்கும் காற்றை வெளிக்காற்றோடு கலக்கவிடாமல் அடைத்துவைக்கிறது. இரண்டாவது, கடுங்குளிர். அடைபட்ட காற்று சுமார் −78 டிகிரிக்குக் கீழே போனதும் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்த மெல்லிய துருவ மேகங்கள் உருவாகின்றன. அவற்றின் துகள்களின் மேற்பரப்பில்தான் இரண்டு பூட்டுகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளியே விடுகின்றன. வெறும் காற்றில் மிக மெதுவாக நடக்கும் வினை, துகளின் மேல் விரைந்து நடக்கிறது. 1986-ல் சூசன் சாலமனும் சகாக்களும் முன்வைத்த விளக்கம் இது. மூன்றாவது, வெளிச்சம். வசந்தம் பிறந்து முதல் சூரிய ஒளி பட்டதும் குளோரின் அணுக்கள் பிரிந்து வேலையைத் தொடங்குகின்றன:

```
2 × (Cl + O3 → ClO + O2)
ClO + ClO → Cl2O2
Cl2O2 + hν → 2 Cl + O2
-----------------------
2 O3 → 3 O2
```

கடைசி வரிக்கு முன்னால் பாருங்கள், குளோரின் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. மறுபடி பூட்டுக்குள் போவதற்கு முன் ஒரு குளோரின் அணு ஓசோன் மூலக்கூறுகளை ஒரு லட்சம் எண்ணிக்கையில் அழிக்கவல்லது.

வட துருவத்தில் சுழல் பலவீனமானது. மலைத்தொடர்களும் கடல் நில வேறுபாடும் காற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் குளிர் அந்த அளவுக்கு இறங்கி நிலைப்பது அரிது. தெற்கிலும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு உண்டு: 2019-ல் அடுக்கு மண்டலம் திடீரென்று சூடானதால் துளை மிகச் சிறியதாக இருந்தது, அடுத்த ஆண்டே பெரிதாகி நீண்ட நாள் நீடித்தது. எனவே ஒரே ஒரு ஆண்டின் பரப்பைப் பார்த்து "துளை மூடிவிட்டது" அல்லது "சிகிச்சை தோற்றது" என்று சொல்வது இரண்டுமே பிழை. குளோரின் அளவு மெதுவாக மாறுவது, சுழலின் குளிர் வேகமாக மாறுவது.

துளைக்கு நேர் கீழே நிற்பவருக்கு எவ்வளவு புற ஊதா கூடும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓசோன் ஒரு சதவீதம் குறைந்தால் தோலைச் சிவக்க வைக்கும் கதிர் சுமார் 1.2 சதவீதம் கூடும். ஓசோன் 300-லிருந்து 150-க்கு வந்தால் நேர்விகிதமாக 60 சதவீதம் என்று போட்டுவிடக்கூடாது, விகிதத்தை 1.2 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இரண்டின் 1.2 அடுக்கு 2.3. சூரியன் அதே உயரத்தில் இருந்தால் கதிர் 2.3 மடங்கு.

சி.எஃப்.சி. காற்றைவிடக் கனமானது. அது எப்படி 20 கிலோமீட்டர் மேலே போகும்?

அசையாத ஜாடியில் அது அடியில் தங்கும். வளிமண்டலம் அசையாத ஜாடி அல்ல. சுமார் நூறு கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் கலக்கம் எடை வேறுபாட்டை வென்றுவிடுகிறது. இல்லாவிட்டால் கரியமில வாயுவும் தரையோடு படிந்து நம்மை மூச்சுத் திணறடித்திருக்கும். மேலே பலூன்களும் விமானங்களும் அளந்து அவை அங்கே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஒன்றோடும் வினைபுரியாத அந்தப் பண்புதான் அவற்றை ஃபிரிட்ஜுக்குப் பொருத்தமாக்கியது. மழையில் கரையாமல், கீழே எங்கும் சிதையாமல் மேலே போய்ச் சேர வைத்ததும் அதே பண்புதான்.

இரண்டும் தனித்தனி என்றால் ஏசி, ஃபிரிட்ஜ் வாயு இரண்டு பட்டியலிலும் ஏன் வருகிறது?

குழப்பத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். ஒரே மூலக்கூறு இரண்டு தனித்தனிக் குற்றங்களைச் செய்ய முடியும். மேலே போய்ச் சிதையும்போது குளோரினை விடுவது ஒன்று. சிதையும்வரை காற்றில் மிதந்துகொண்டு அகச்சிவப்பை உறிஞ்சுவது மற்றொன்று. அதனால் ஒவ்வொரு குளிர்பதன வாயுவுக்கும் இரண்டு மதிப்பெண்கள் போடப்படுகின்றன. ஒன்று ஓசோனை அழிக்கும் திறன், இதில் சி.எஃப்.சி.-11-க்கு 1 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவார்கள். மற்றொன்று புவியைச் சூடாக்கும் திறன். நூறாண்டுக் காலத்தில் ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்ற எண். உடன்படிக்கைக் கணக்கில் பயன்படும் மதிப்புகள் இவை, இவற்றில் ஆர்-12 ஒரு சி.எஃப்.சி.:

| வாயு | ஓசோனை அழிக்கும் திறன் | சூடாக்கும் திறன் |
|---|---|---|
| ஆர்-12 | 1 | 10,900 |
| ஆர்-22 | 0.055 | 1,810 |
| ஆர்-134ஏ | 0 | 1,430 |
| ஆர்-410ஏ | 0 | 2,088 |
| ஆர்-32 | 0 | 675 |
| ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) | 0 | சுமார் 3 |

ஃபிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பெட்டியில் ஆர்-12 வாயு 150 கிராம் இருந்து முழுவதும் கசிந்துவிட்டால் 0.15 × 10,900 = 1,635 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். ஆக 700 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமமான சூடு, அதோடு ஓசோனுக்கும் சேதம். அதே இடத்தில் ஆர்-134ஏ 120 கிராம் இருந்தால் ஓசோனுக்குக் கேடு பூஜ்யம். சூடாக்கும் பங்கு 0.12 × 1,430 = 172 கிலோ, ஏறத்தாழ 75 லிட்டர் பெட்ரோல். ஐசோபியூட்டேன் 50 கிராம் இருந்தால் 150 கிராம் கரியமில வாயு. அவ்வளவுதான்.

இப்போது அட்டவணையில் ஆர்-22-க்கும் ஆர்-410ஏ-க்கும் இடையில் நடந்ததைப் பாருங்கள். ஓசோனுக்காக ஏசி உலகம் முதலாவதை விட்டு இரண்டாவதுக்கு மாறியது. ஓசோன் மதிப்பெண் 0.055-லிருந்து பூஜ்யமானது, சூடாக்கும் மதிப்பெண்ணோ 1,810-லிருந்து 2,088-க்கு ஏறிவிட்டது. ஆர்-410ஏ தனி வாயு அல்ல, ஆர்-32-ம் ஆர்-125-ம் பாதிப் பாதி கலந்தது. பின்னதன் 3,500 தான் சராசரியை இப்படி இழுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே பிரச்சினையாக இருந்திருந்தால் இப்படி ஒன்று சரியாகி மற்றொன்று மோசமாக வழியே இல்லை.

பெட்டியில் "ஓசோனுக்குத் தீங்கற்றது" என்று ஒட்டியிருக்கிறது. அப்படியானால் வாயு கசிந்தாலும் கவலையில்லையா?

அந்த ஒட்டுத்தாள் இரண்டு மதிப்பெண்களில் ஒன்றை மட்டும் சொல்கிறது. பின்பக்கம் அல்லது கம்ப்ரசர் அருகில் உள்ள தகட்டில் வாயுவின் பெயரும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். அந்தக் கிராமைக் கிலோவாக்கி அட்டவணையின் கடைசி எண்ணால் பெருக்குங்கள், மறுபாதி தெரிந்துவிடும்.

ஏசியின் குளிர்பதனச் சுற்று மூடிய சுற்று. வாயு தேய்ந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். பெரும்பாலும் செம்புக் குழாயை விரித்து மரை போட்டு இணைத்த இடத்தில். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் "கேஸ் நிரப்பி"ச் செல்வது வாயுவைத் தவணை முறையில் காற்றில் விடுவதே. சரியான வரிசை: மீதி வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுப்பது, நைட்ரஜனை அழுத்தி, சோப்பு நுரையோ கருவியோ கொண்டு கசிவைக் கண்டுபிடிப்பது, அடைப்பது, வெற்றிடப் பம்ப் ஓட்டி ஈரத்தை இழுப்பது, பிறகு தகட்டில் உள்ள எடைக்குத் தராசு வைத்து நிரப்புவது. ஏசியைக் கழற்றும்போது வால்வைத் திறந்து வாயுவை வெளியே விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்றவை எண்ணில் சிறந்தவை, ஆனால் எளிதில் தீப்பிடிப்பவை. வீட்டு ஃபிரிட்ஜ்களில் இவற்றின் அளவை 150 கிராமுக்குள் கட்டுப்படுத்தும் வழக்கம் அதனால்தான். வேறு வாயுவுக்காகச் செய்த இயந்திரத்தில் இவற்றை மாற்றி நிரப்புவது ஆபத்து.

சூடாக்குவது ஓசோன் துளையோ சூரியனோ அல்ல என்று அளவீடு எதுவாவது நேரடியாகக் காட்டுகிறதா?

காட்டுகிறது. வெப்பமானியைத் தரையில் மட்டும் வைக்காமல் மேலேயும் வைத்துப் பார்த்தால் போதும்.

சூரியன் பிரகாசமாகியிருந்தால் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். பசுமை இல்ல வாயு காரணமென்றால் கீழே சூடாகும், அடுக்கு மண்டலம் குளிரும். மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணித்துச் சொன்ன இந்த அடையாளத்தைச் செயற்கைக்கோள்களும் பலூன்களும் பின்னர் கண்டன. நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஓசோன் குறைந்தாலும் அடுக்கு மண்டலம் குளிரும், ஏனென்றால் அங்கே புற ஊதாவை உறிஞ்சிச் சூடு கொடுப்பது ஓசோன்தான். கீழ் அடுக்கு மண்டலத்தில் 1980-களிலும் 90-களின் முற்பகுதியிலும் கண்ட குளிர்ச்சியில் ஓசோனின் பங்கு பெரியது. ஆனால் ஓசோன் சரிவு நின்ற பிறகும் மேல் அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டே போகிறது. அது கரியமில வாயுவின் கைரேகை.

இடமும் நேரமும்கூடச் சாட்சி சொல்கின்றன. துளை தெற்கில், வசந்தத்தில், பகல் வெளிச்சத்தில் வேலை செய்வது. பூமி மிக வேகமாகச் சூடானதோ வட துருவத்தில், அதுவும் குளிர்காலத்தில். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நிலப்பரப்பில் இரவுகள் பகல்களைவிட வேகமாகச் சூடாகியிருக்கின்றன. இரவில் துளை வழியாக வர எதுவும் இல்லை. துளை தன் நேர் கீழே செய்த காரியம் வேறு. தென் கோளத்தின் மேற்குக் காற்றை வலுப்படுத்தித் துருவப் பக்கம் நகர்த்தியது. கிழக்கு அன்டார்க்டிக்காவின் உட்பகுதி கோடையில் அதனால் சூடாகாமல் தப்பித்துக்கொண்டது.

நகரங்களில் "ஓசோன் கூடிவிட்டது" என்று எச்சரிக்கிறார்கள். கூடினால் நல்லதுதானே?

தரையருகே கூடினால் கெடுதல். மூலக்கூறு அதேதான், இடம்தான் வேறு. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாகும் இந்த ஓசோன் நுரையீரலை எரிக்கும், பயிரை வாட்டும். இது மேலே ஏறித் துளையை அடைக்காது. போய்ச் சேர்வதற்கு முன் நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும்.

துளை மூடிவிட்டால் பூமி சூடாவதும் நின்றுவிடுமா?

நிற்காது. கடிகாரங்கள் இரண்டும் தனித்தனியே ஓடுகின்றன. உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 2022-ல் தந்த மதிப்பீட்டின்படி, இன்றைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் ஓசோன் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்புவது உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில், வட துருவத்தில் 2045 வாக்கில், அன்டார்க்டிக்காவில் 2066 வாக்கில். இவ்வளவு தாமதம் ஏனென்றால் ஆர்-12 காற்றில் தங்கும் காலம் சுமார் நூறாண்டு, சி.எஃப்.சி.-11-க்குச் சுமார் ஐம்பதாண்டு. குழாயை மூடியாயிற்று, தொட்டி வடிய நேரமாகும். கரியமில வாயுவிலோ குழாயே இன்னும் மூடப்படவில்லை.

ஒன்று மற்றொன்றுக்கு உதவியது உண்மை. 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனுக்காக எழுதப்பட்டது, ஆனால் சி.எஃப்.சி.கள் கடுமையான பசுமை இல்ல வாயுக்கள் என்பதால் இந்த நூற்றாண்டின் நடுவில் வந்திருக்கக்கூடிய அரை முதல் ஒரு டிகிரி வெப்பத்தையும் அது தவிர்த்திருக்கிறது. 2016-ல் கிகாலியில் சேர்த்த திருத்தம் இன்னும் விசித்திரமானது: ஓசோனைத் தொடவே தொடாத ஆர்-134ஏ, ஆர்-125 போன்ற வாயுக்களை ஓசோன் உடன்படிக்கையின் கீழேயே படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஆட்களும் சட்டங்களும் அளவிடும் வலைப்பின்னலும் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தன.

அந்த வலைப்பின்னல் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உற்பத்தி உலகெங்கும் 2010-க்குள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய சி.எஃப்.சி.-11, 2012-க்குப் பின் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று காற்று மாதிரிகளை அளந்தவர்கள் 2018-ல் அறிவித்தார்கள். காற்று வீசிய திசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டதில் கூடுதல் வாயுவின் கணிசமான பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருவது தெரிந்தது. விவரம் வெளிவந்த ஓரிரு ஆண்டுகளில் அளவு மறுபடி சரியத் தொடங்கியது.